பள்ளிப் பழைய மாணவர் சந்திப்புக்கு டீசர் தொடர்: பதினோரு வாரத்தில் படிப்படியாக ஆள் சேர்ப்பது எப்படி

சந்திப்புக்கு டீசர் போட முதன்முதலாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தேதியையே புதிராக்கி விடுகிறார்கள். "ஒரு பெரிய செய்தி வருது, காத்திருங்க" என்று சினிமா விளம்பரம் மாதிரித் தொடங்குவார்கள். சினிமா பார்க்கிறவர் பக்கத்துத் தியேட்டருக்குப் போனால் போதும். சந்திப்புக்கு வருகிறவரோ விடுப்பு சொல்ல வேண்டும், ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். இவை மூன்றுக்கும் முதலில் தேதி தெரிந்தாக வேண்டும்.

அதனால் எப்போது, எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு செலவு என்பதில் எதையும் மறைக்காதீர்கள். அன்றைக்கு உள்ளே என்ன காத்திருக்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். கீழே வரும் வரிசை முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் அமைந்ததுதான்.

புரிவதற்காக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். டெல்டா பகுதியில் ஒரு சிற்றூர் அரசு மேல்நிலைப் பள்ளி. 2001 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய செட்டுக்கு இது 25ஆம் ஆண்டு. மூன்று பிரிவுகள், 110 பேர். வாட்ஸ்அப் குழுவில் இருப்பது 74 பேர். சந்திப்பு 2026 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வளாகத்திலேயே.

## 1. முதல் செய்திக்கு முன்பே முடிக்க வேண்டியவை

தேதியைக் காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். 2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும். மார்கழி என்பதால் முகூர்த்தம் இருக்காது. "அன்னைக்கு மச்சினன் கல்யாணம்" என்ற பதில் வராது. அரையாண்டு விடுமுறையும் வழக்கமாக இதை ஒட்டியே வரும் என்பதால் வகுப்பறைகள் காலியாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பள்ளி இருக்காது. ஞாயிறு காலை தேவாலயம் போகிறவர்களும் செட்டில் இருப்பார்கள். தொடக்க நேரத்தை 10.30க்கு வைத்தால் அவர்களும் வந்து சேரலாம்.

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "சரி, பாத்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பி அறிவித்துவிட்டு, நடுவில் அவர் மாறுதலாகிப் போனால் இடத்தை மாற்ற வேண்டி வரும். இடம் ஒரு தடவை மாறிவிட்டால் அதற்குப் பிறகு போடும் எந்தச் செய்தியையும் ஆட்கள் முழுசாக நம்ப மாட்டார்கள்.

பெயர்ப் பட்டியலைப் பிரிவுவாரியாக எழுதுங்கள். குரூப் போட்டோவின் கீழே அச்சிட்ட பெயர்கள் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இப்போது இருக்கும் ஊர், கைபேசி எண், குழுவில் இருக்கிறாரா இல்லையா என்று மூன்று கட்டங்கள் போதும்.

இறந்தவர்களைப் பற்றி முன்பே விசாரித்துவிடுங்கள். 25 ஆண்டு என்பது சின்ன இடைவெளி இல்லை. செட்டில் சிலர் போயிருப்பார்கள், ஆசிரியர்களிலும் சிலர் இருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பழைய படத்தைப் போட்டு "இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டால், "அவன் போன வருஷம் தவறிட்டான்" என்று பதில் வரும். அந்த மாலை முழுவதும் குழு இறுகிப்போகும், அடுத்த டீசர் எடுபடாது. இறந்தவர் படம் புதிர்களில் வரவே கூடாது. அவர்களுக்கு நிகழ்ச்சியில் ஒரு நிமிடம் தனியாக ஒதுக்குங்கள்.

பிரிவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். செய்தி ஆர்வத்தைக் கிளப்பும். "வருகிறேன்" என்ற உறுதி தொலைபேசிப் பேச்சில்தான் கிடைக்கும். வகுப்பில் பேசியே பழகாத ஆண் திடீரென்று அழைத்தால் பல பெண்கள் எடுக்கத் தயங்குவார்கள். பழைய பெஞ்சுத் தோழி கூப்பிட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். மூன்று பிரிவுக்கு ஆறு பேர் அமையாமல் டீசர் தொடரை ஆரம்பிக்க வேண்டாம்.

## 2. தேதி அறிவிப்பு: அக்டோபர் 11

இது டீசர் இல்லை, அறிவிப்பு. சுவாரஸ்யம் எதுவும் வேண்டாம். நாள், இடம், தொடக்கம், முடிவு, யார் யார் வரலாம், தோராயச் செலவு ஆகிய ஆறும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும்.

> *டிசம்பர் 27, ஞாயிறு. நம்ம ஸ்கூல்.*
> காலை 10.30க்கு ஆரம்பம், மாலை 4.30க்கு முடிவு.
> குடும்பத்தோட வரலாம், பிள்ளைகளுக்கும் சாப்பாடு உண்டு.
> பெரியவங்க ஒருத்தருக்கு 700 ரூபாய்க்குள்ள வரும். பணம் இப்ப வேண்டாம், டிசம்பர்ல சொல்றோம்.
> ஹெச்.எம். அனுமதி கொடுத்துட்டார்.
> இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு: இந்தத் தேதியை வீட்டுக் காலண்டர்ல குறிச்சுட்டு, "குறிச்சாச்சு"ன்னு போடுங்க.

"மாலை 4.30க்கு முடிவு" என்ற வரியை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெண்களுக்கு அது மிக முக்கியமான வரி. எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று தெரிந்தால்தான் வீட்டில் பேச்சையே எடுக்க முடியும். "குடும்பத்தோட வரலாம்" என்பதும் அப்படித்தான்.

வருகிறீர்களா என்று கேட்காமல் "குறிச்சாச்சு" என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. பதினோரு வாரம் முன்னால் யாராலும் உறுதி சொல்ல முடியாது. முடியாத கேள்வி கேட்டால் சும்மா இருந்துவிடுவார்கள், ஒரு தடவை சும்மா இருந்தவருக்கு அடுத்த தடவையும் அதுவே பழக்கமாகிவிடும். எளிய கேள்விக்குப் பதில் சொன்னவர் அடுத்த கேள்விக்கும் சொல்வார்.

வருகையைக் கேட்க வாட்ஸ்அப் வாக்கெடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். யார் எதை அழுத்தினார்கள் என்பது அதில் எல்லோருக்கும் தெரியும். "வர முடியாது" என்று வெளிப்படையாக அழுத்த விரும்பாதவர் எதையுமே அழுத்தாமல் போய்விடுவார். அவர் கணக்கில் எந்தப் பக்கம் என்று தெரியாது. சாப்பாட்டில் என்ன வேண்டும் போன்ற சங்கடமில்லாத கேள்விகளுக்கு வாக்கெடுப்பு நன்றாக வேலை செய்யும்.

செய்தியைப் போட்டவுடன் அது 30 நாள் குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி "பின்" செய்து வையுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் இரண்டே நாளில் புதைந்துபோகும். 30 நாள்தான் உச்சம் என்பதால் நவம்பர் 10 வாக்கில் மறுபடியும் பின் செய்ய நினைவில் வையுங்கள்.

நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். டீசருக்கு அடியில் நடக்கும் அரட்டைதான் ஆளை இழுக்கும். பூட்டிய குழு அறிவிப்புப் பலகை மாதிரி, அங்கே நின்று பேச ஆள் இருக்காது.

## 3. ரயில் செய்தி: அக்டோபர் 25 மாலை

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் வருவதும் வராததும் இந்த ஒரு செய்தியில் இருக்கிறது. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பயண நாள் அந்த 60இல் சேராது. கணக்குப் போட்டால்:

டிசம்பர் 25 இரவு புறப்படுகிறவர்களுக்கு முன்பதிவு அக்டோபர் 26 திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கும். 27 இரவு திரும்புகிறவர்களுக்கு அக்டோபர் 28 புதன் காலை 8 மணிக்கு.

கிறிஸ்துமஸ் நீள்விடுமுறை என்பதால் தெற்கே வரும் இரவு ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பழைய 120 நாள் கணக்கையே மனதில் வைத்திருப்பவர் "ஏற்கெனவே முடிஞ்சிருக்கும்" என்று பார்க்காமலே விட்டுவிடலாம். அதனால் தேதியையும் மணியையும் அப்படியே எழுதுங்கள்.

> நாளைக்குக் காலைல 8 மணிக்கு டிசம்பர் 25 ராத்திரி ரயிலுக்கு புக்கிங் திறக்குது. திரும்பறதுக்கு புதன்கிழமை 8 மணி.
> எடுத்தவங்க கோச் நம்பரைக் குழுவுல போடுங்க. ஒரே ரயில்ல வர்றவங்க சேர்ந்து வரலாம்.

அந்தக் கடைசி வரிதான் இதில் இருக்கும் டீசர். ஒருவர் "S4" என்று போட்டதும் இன்னொருவர் "நானும் S4 தான்" என்பார். சந்திப்பு ரயிலிலேயே தொடங்கிவிட்டது என்ற எண்ணம் அங்கே பிறந்துவிடும். டிக்கெட் எடுத்தவரின் பெயரைப் பட்டியலில் உறுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்தவர் லேசில் பின்வாங்க மாட்டார்.

## 4. தீபாவளிக்கு வாயை மூடுங்கள்

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய இரண்டு மூன்று நாளும் குழு முழுக்க வாழ்த்துப் படங்கள்தான் ஓடும். நல்ல டீசரை அதில் போட்டு வீணாக்க வேண்டாம். அந்த நாட்களில் படங்களைச் சேகரியுங்கள். ஊருக்கு வந்திருப்பவர்களின் வீட்டு ஆல்பத்தில் பழைய போட்டோ கிடைக்கும்.

சட்டகத்தில் இருக்கும் படத்தைக் கண்ணாடியோடு எடுத்தால் எடுப்பவரின் முகமும் சேர்ந்து விழும். படத்தை வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். அனுப்பும்போது எச்.டி. தரத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் பின்வரிசை முகங்கள் தெரியும்.

## 5. நான்கு டீசர்கள்: நவம்பர் 15 முதல் டிசம்பர் 6 வரை

வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு மாலை 7 மணி. இந்தியாவில் 7 என்றால் துபாயில் 5.30, சிங்கப்பூரில் இரவு 9.30. மூன்று இடத்திலும் ஆட்கள் விழித்திருக்கும் நேரம் இது. நம் ஊரில் இரவு 9.30க்குப் போட்டால் சிங்கப்பூர்க்காரர் நள்ளிரவில் பார்ப்பார், அரட்டை அதற்குள் முடிந்திருக்கும்.

தினம் ஒன்று போடலாமே என்று தோன்றும். மூன்றாம் நாளே குழுவை மியூட் செய்யத் தொடங்குவார்கள், அதற்குப் பிறகு எது போட்டாலும் அவர்களுக்குப் போய்ச் சேராது.

முதல் டீசர் (நவம்பர் 15): குரூப் போட்டோவில் ஒரு துண்டு. முழுப் படத்தையும் போடாதீர்கள். நடு வரிசையில் ஆறு பேர் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டுங்கள். அந்த ஆறு பேரும் உயிரோடு இருப்பவர்கள், குழுவில் இருப்பவர்கள், முன்பே கேட்டுச் சம்மதித்தவர்கள் என்று உறுதி செய்யுங்கள். பெண்களின் பழைய படத்தைக் கேட்காமல் போடக் கூடாது. குழுவில் போட்ட படம் எங்கே பரவும் என்பது நம் கையில் இல்லை.

> இடப்பக்கத்துலேர்ந்து மூணாவது ஆள் யாரு? பேரை மட்டும் சொல்லுங்க.
> முழுப் போட்டோவும் பெருசா பிரிண்ட் போட்டு 27ஆம் தேதி நம்ம கிளாஸ் ரூம்ல மாட்டுறோம்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். புதிர் மட்டும் இருந்தால் அது பொழுதுபோக்காக முடிந்துவிடும். நேரில் வந்தால்தான் கிடைக்கும் ஒன்றை ஒவ்வொரு டீசரும் சொல்ல வேண்டும். பெயர் சொல்வதோடு நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இடம் கொடுத்தால் பட்டப்பெயர், யார் யாரைப் பார்த்தார்கள், யார் எதில் பெயில் என்று பேச்சு இறங்கும். சொல்பவருக்கு அது விளையாட்டு. கேட்பவர் 25 வருடம் மறக்க நினைத்த விஷயமாக இருக்கலாம். அப்படி ஒரு வரி வந்தால் குழுவில் கண்டிக்காமல், எழுதியவரைத் தனியாக அழைத்து நீக்கச் சொல்லுங்கள். நிர்வாகியாக நீங்களே நீக்கவும் முடியும்.

இரண்டாம் டீசர் (நவம்பர் 22): ஓர் ஆசிரியரின் குரல். ஓய்வு பெற்ற ஆசிரியரை நேரில் போய்ப் பார்த்து 20 வினாடிக்குக் குரல் பதிவு எடுங்கள். பேச்சுரை வேண்டாம். வகுப்பில் அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியமும், "27ஆம் தேதி நான் வரேன், வருகைப் பதிவேடு எடுப்பேன்" என்ற ஒரு வரியும் போதும். நாலு டீசரில் இதுதான் அதிக வேலை செய்யும். நண்பன் கூப்பிட்டால் "பாக்கலாம்டா" என்று தள்ளிப்போட முடியும், சார் வருகிறார் என்றால் அப்படிச் சொல்ல வராது.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஆசிரியர் வருவார் என்று அவரிடம் உறுதி வாங்காமலே போட்டுவிடுவார்கள். வயதானவர், உடல்நிலை மாறக்கூடியது. அழைத்து வரவும் கொண்டு விடவும் கார் யாருடையது என்பது முடிவான பிறகே பதிவை வெளியிடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போகும் குரல் பதிவை முழுசாகக் கேட்பவர்கள் குறைவு. அதனால் நல்ல இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் டீசர் (நவம்பர் 29): இன்றைய பள்ளியில் ஓர் இடம். வேப்பமரம், மணி தொங்கும் தண்டவாளத் துண்டு, சைக்கிள் ஸ்டாண்டு, எது இன்னும் அப்படியே இருக்கிறதோ அதை நெருக்கமாகப் படமெடுங்கள். முகப்புக் கட்டடம் வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்துப் புதுப் பலகை வைத்திருப்பார்கள், யாருக்கும் அது தன் பள்ளியாகத் தெரியாது. கேள்வி இப்படி இருக்கட்டும்: "இதுக்குப் பக்கத்துல நீங்க உக்காந்து சாப்பிட்டது யாரோட?" பதிலில் ஒருவர் இன்னொருவரின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். பெயரைப் பார்த்தவர் எட்டிப் பார்ப்பார். இரண்டு மாதம் வாயே திறக்காதவர்கள் இங்கே பேசுவார்கள்.

நான்காம் டீசர் (டிசம்பர் 6): பிரிவுவாரி எண்ணிக்கை. இதுவரை உறுதி சொன்னவர்களை எண்ணிப் போடுங்கள். நம் உதாரணத்தில் ஏ பிரிவு 17, பி பிரிவு 14, சி பிரிவு 6 என்று வைத்துக்கொள்வோம்.

> ஏ 17. பி 14. சி 6.
> ஸ்போர்ட்ஸ் டேல கோப்பை வாங்குன சி செக்ஷன் எங்கப்பா போச்சு?

பிரிவுப் போட்டியில் கோபம் இருக்காது, ஆனால் ரோஷம் வரும். எண்ணை மட்டும் போடுங்கள், வராதவர்களின் பெயரைப் பட்டியலிட வேண்டாம். பெயரைப் போட்டுக் கேட்டால் பணக் கஷ்டமோ வீட்டுச் சிக்கலோ உள்ளவர் சத்தமில்லாமல் குழுவை விட்டே வெளியேறிவிடுவார். எண்ணைக் கூட்டியும் போடாதீர்கள். பொய் என்று ஒருவருக்குத் தெரிந்தாலும் போதும், அது பரவிவிடும்.

## 6. ஒவ்வொரு டீசருக்கும் மறுநாள்: யாருக்கு அழைப்பது

செய்தியைப் போட்டவர் அதை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் படித்தார்கள், யாருக்குச் சேர்ந்தும் படிக்கவில்லை என்று இரண்டு பட்டியல் வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்தியில் இந்தப் பட்டியலிலிருந்து தப்ப முடியாது. போட்டவரின் கைபேசியில் மட்டுமே இது தெரியும் என்பதால் எல்லா டீசரையும் ஒரே ஆள் போடுவது நல்லது.

மூன்று வகை ஆட்கள் கிடைப்பார்கள். படித்துப் பதில் போட்டவர்களை விட்டுவிடுங்கள். படித்தும் பேசாதவர்கள்தான் உங்கள் முக்கிய ஆட்கள். அவர்களுக்கு ஏதோ ஒரு தயக்கம் இருக்கிறது, அழைத்துப் பேசினால் அது என்னவென்று தெரியும். "வர்றியா?" என்று தொடங்க வேண்டாம். "அந்தக் குரலைக் கேட்டியா?" என்று டீசரைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். கூப்பிட ஒரு காரணம் இருக்க வேண்டுமே, அதற்கும்தான் இந்த டீசர்.

படிக்கவே படிக்காதவர்கள் குழுவை மியூட் செய்தவர்கள், அல்லது அந்த எண்ணையே கைவிட்டவர்கள். இவர்களுக்கு எத்தனை டீசர் போட்டாலும் பயனில்லை. நேராக அழையுங்கள். குழுவில் இல்லாத 36 பேருக்கும் இதே வழிதான்.

சிலர் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போகும். தேடிப் பிடித்த பழைய நண்பர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார்.

## 7. பணமும் தலைக்கணக்கும்: டிசம்பர் 13

பணம் கேட்கும் செய்தியை ஆறேழு வாரம் முன்பே போடுவது பெரிய பிழை. தோராயச் செலவை முன்பே சொல்லலாம், ஆனால் ஆசை வருவதற்கு முன் பணத்தைக் கட்டச் சொன்னால் ஆள் ஒதுங்குவார். நான்கு டீசரும் முடிந்த பிறகு கேளுங்கள்.

யு.பி.ஐ.யில் பணம் பெறுபவரின் பெயர் எப்படித் திரையில் வரும் என்பதைச் செய்தியிலேயே எழுதுங்கள். வகுப்பில் "குமார்" என்று தெரிந்தவரின் வங்கிப் பெயர் வேறு மாதிரி இருக்கும், பெயரைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பாதியில் நிறுத்துவார்கள். கடைசி நாள் டிசம்பர் 20. கட்டியவர்களுக்குத் தனியே நன்றி அனுப்புங்கள், கட்டாதவர் பட்டியலை ஒருபோதும் குழுவில் போடாதீர்கள். கட்ட முடியாதவர் யார் என்று பிரிவுப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கான தொகையை யாராவது சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளட்டும்.

சமையல்காரருக்கு எண்ணிக்கை சொல்லும்போது மூன்று தொகையைக் கூட்டுங்கள்: பணம் கட்டியவர்கள், அவர்களோடு வரும் குடும்பத்தினர், ஆசிரியர்கள். 48 பேர், குடும்பத்தினர் 30, ஆசிரியர்கள் 7 என்றால் 85. "வர முயற்சிக்கிறேன்" என்றவர்களுக்காகச் சிறிது கூட்டி 90 சொல்லலாம். குடும்பத்தினர் எண்ணிக்கையைக் கேட்க மறந்து இலை பற்றாமல் போவது அடிக்கடி நடப்பது. பணச் செய்தியிலேயே "உங்களோட எத்தனை பேர்?" என்று கேட்டுவிடுங்கள்.

## 8. கடைசி வாரம்

டிசம்பர் 20க்குப் பிறகு புதிர் எதுவும் வேண்டாம். இந்த வாரம் குழுவைத் திறப்பவர் தகவல் தேடித்தான் திறக்கிறார்.

23ஆம் தேதி நிகழ்ச்சி நிரல். அதில் ஒரே ஓர் இடத்தை மட்டும் திறக்காமல் விடலாம்: "மதியம் 2.30: ஒரு ஆள் வர்றார், யாருன்னு சொல்ல மாட்டோம்." இது தேதியை மறைப்பது போல் இல்லை, யாருடைய ஏற்பாடும் இதனால் கெடாது. ஆனால் அந்த ஆள் நிஜமாகவே வர வேண்டும்.

24ஆம் தேதி மழைச் செய்தி. டெல்டாவில் டிசம்பர் கடைசியிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யலாம். வானம் இருட்டினாலே "நடக்குமா?" என்று கேட்பார்கள், பதில் வராவிட்டால் நடக்காது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். "மழை பெஞ்சாலும் உண்டு, எல்லாமே கூரைக்கு உள்ளதான்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் என்ன செய்வோம் என்பதையும், அந்த முடிவை எந்த நேரத்துக்குள் சொல்வோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

26ஆம் தேதி மாலை 7 மணிக்குக் கடைசிச் செய்தி. பள்ளியின் இருப்பிட இணைப்பு, வண்டி நிறுத்துமிடம், பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ ஏறும் இடம், வாசலில் நிற்பவரின் எண். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு இதை மட்டும் பின் செய்யுங்கள். வாசலில் நிற்பவர் டீசர் போட்டவராக இருக்க வேண்டாம். மறுநாள் காலை "எங்கடா இருக்க, வழி சொல்லு" என்று வரும் அழைப்புகளை எடுக்க, வேறு வேலையே இல்லாத ஒருவரும் முழுதாகச் சார்ஜ் ஏறிய கைபேசியும் அங்கே 9.30க்கே இருக்க வேண்டும்.